கணவருக்கு ரகசியக் கடன்... மனைவிக்கு ரகசியச் சீட்டு! - 30 மாதங்களில் 4 லட்சம் கடனை அடைத்த திருப்பூர் தம்பதி

2023, ஜூலை மாதம். திருப்பூர் 15 வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. இரவு எட்டு மணிக்குக் கதவு தட்டப்பட, மனைவிதான் திறந்தார். வாசலில் நின்றவர், ``தம்பி இல்லீங்களா... இந்த மாசம் வட்டி வரலை, அதான் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்'' என்றார்.

எந்த வட்டி, யார் கொடுத்த கடன், எதுவும் அவருக்குத் தெரியாது. கணவர் வந்ததும் கேட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டார் கணவர். 60,000 ரூபாய், அஞ்சு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். 2022 நவம்பரில் வாங்கியது. மாதா மாதம் 3,000 ரூபாய் வட்டி கட்டி வந்திருக்கிறார். எட்டு மாதத்தில் 24,000 ரூபாய் போயிருந்தது. அசல் 60,000 அப்படியே இருந்தது.

``அன்னிக்கு நைட்டு ரெண்டு பேரும் சாப்பிடலை. எனக்குக் கோபம் கடன் மேல இல்லைங்க. சம்பளம் 21,000-னு சொல்லிட்டு இருந்தாரு. உண்மையான சம்பளம் 24,000. எட்டு மாசமா என்கிட்ட பொய் சொல்லியிருக்காரேன்னுதான் தாங்க முடியலை'' என்கிறார் மனைவி.

ஆனால், அவரிடமும் ஒரு ரகசியம் இருந்தது. சாயப்பட்டறை அலுவலகம் ஒன்றில் பில்லிங் வேலை பார்க்கும் அவருக்குச் சம்பளம் 14,000 ரூபாய். வீட்டில் சொன்னது 11,000. மீதி 3,000 ரூபாயில் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றில் சீட்டுப் போட்டிருந்தார். 60,000 ரூபாய்ச் சீட்டு, 20 மாதம். மகளின் காதுகுத்துக்காகச் சேர்த்த பணம். அதுவும் அதே 2022 நவம்பரில்தான் ஆரம்பித்தது.

ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் தொடங்கி, ஒருவர் 24,000 ரூபாயை வட்டியாகக் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் அதே 24,000 ரூபாயைச் சீட்டாகச் சேர்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று தெரியாது!

பெயரும் புகைப்படமும் வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையுடன் தங்கள் நோட்டை நமக்குக் காட்டினார்கள் இருவரும். கணவருக்கு 33 வயது, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கட்டிங் சூப்பர்வைசர். மனைவிக்கு 29. மகளுக்கு இப்போது ஐந்து வயது.

கடன் எப்படிச் சேர்ந்தது?

ஆடம்பரம் என்று சொல்ல இந்தக் கதையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு போனைத் தவிர. அதற்குப் பிறகு வருவோம். 2022 மே மாதம் கணவரின் தங்கை கல்யாணத்துக்காக வங்கியில் 2 லட்சம் ரூபாய் பர்சனல் லோன். 16% வட்டி, 36 மாதம், மாதத் தவணை 7,031 ரூபாய். ஓவர்டைம் வருமானத்தை நம்பி எடுத்த லோன் அது. அந்த வருடம் நூல் விலை ஏறி, பின்னாலேயே வெளிநாட்டு ஆர்டர்களும் குறைந்தது திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். ஓவர்டைம் நின்றுபோனது. மளிகையும் பெட்ரோலும் கிரெடிட் கார்டுக்குப் போயின. கார்டு பில் இரண்டு மாதம் தவறி, வசூல் ஆட்கள் கம்பெனிக்கே போன் செய்ய ஆரம்பித்ததும், அதைச் சமாளிக்க வாங்கியதுதான் அந்த அஞ்சு வட்டிக் கடன்.

2023 ஜூனில் கணவரின் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மனைவியின் ஐந்து சவரன் நகை வங்கிக்குப் போனது. மூன்று சவரன் ஆரத்துக்கு 84,000, இரண்டு சவரன் வளையலுக்கு 56,000 என்று இரண்டு தனித்தனி நகைக்கடன்கள். மொத்தம் 1,40,000 ரூபாய், 9% வட்டி.

கதவு தட்டப்பட்ட இரவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினார்கள். கைக்கடன் 60,000. கிரெடிட் கார்டு 84,000. பர்சனல் லோனில் 22 தவணை பாக்கி, அசலாகப் பார்த்தால் சுமார் 1,33,000. நகைக்கடன் 1,40,000. கூட்டினால் 4,17,000 ரூபாய்.

``எழுதறதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு, ரெண்டரை லட்சம் இருக்கும்னு நினைச்சிட்டு இருந்தேங்க'' என்கிறார் கணவர்.

கார்டில் இருந்த ஓட்டை

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், கார்டு பாக்கி ஏன் குறையவே இல்லை என்பது புரிந்திருக்கிறது. ஒவ்வொரு மாதமும் தவறாமல் `மினிமம் டியூ' 4,200 ரூபாயைக் கட்டி வந்தார் கணவர். கட்டிவிட்டால் அந்த மாதம் போன் வராது. ஆனால், அவருடைய கார்டுக்கு மாத வட்டி 3.5%. 84,000 ரூபாய்க்கு 2,940 ரூபாய். அந்த வட்டியின் மீது 18% ஜி.எஸ்.டி 529 ரூபாய். ஆக, 3,469 ரூபாய் வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். கட்டிய 4,200-ல் அசலில் கழிந்தது வெறும் 731 ரூபாய்.

அதே மாதம் வீட்டுச் செலவில் சுமார் 1,700 ரூபாய் துண்டு விழும். அதற்கும் கார்டைத்தான் தேய்ப்பார்கள். 731 கழிந்து 1,700 ஏறினால் என்ன ஆகும்? மாதம் ஆயிரம் ரூபாய் கடன் கூடிக்கொண்டே போகும். இதில் பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் உண்டு. பழைய பாக்கியை முழுதாகக் கட்டாமல் வைத்திருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

எதை முதலில் அடைப்பது?

கடனை அடைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. எதை முதலில் என்பதில்தான் சண்டை. அடுத்த பிப்ரவரியில் மனைவியின் அண்ணன் கல்யாணம். ``வெறுங்கழுத்தோட போய் நிக்க முடியுமா? முதல்ல நகையை மீட்கணும்'' என்பது அவர் கட்சி. கம்பெனிக்கு போன் வந்து மானம் போகிறது, கார்டுதான் முதலில் என்பது கணவர் கட்சி. அந்த அஞ்சு வட்டிக் கடனை யாருமே முதலில் சொல்லவில்லை. தொகையில் அதுதான் சின்னது. மாதம் 3,000 போட்டால் சத்தமில்லாமல் கிடக்கும்.

இரண்டு ஞாயிறு இப்படியே போனது. மூன்றாவது ஞாயிறு மனைவி ஒரு கணக்குப் போட்டார். தினமும் பில் போடுகிறவர் அல்லவா! ஒவ்வொரு கடனிலும் ஆயிரம் ரூபாய் பாக்கி இருந்தால், அந்த ஆயிரத்துக்கு மாதம் எவ்வளவு வட்டி போகிறது என்று எழுதினார்.

கைக்கடனில் ஆயிரத்துக்கு மாதம் 50 ரூபாய். கார்டில் ஜி.எஸ்.டி சேர்த்து 41 ரூபாய் 30 காசு. பர்சனல் லோனில் சுமார் 13 ரூபாய். நகைக்கடனில் ஏழரை ரூபாய்.

அந்த நான்கு வரிகளுக்குப் பிறகு விவாதம் முடிந்துவிட்டது. நகையை மீட்க ஆயிரம் ரூபாய் கட்டினால் மாதம் ஏழரை ரூபாய் மிச்சம். அதே ஆயிரத்தைக் கைக்கடனில் கட்டினால் 50 ரூபாய் மிச்சம். தொகையின் அளவையும் பார்க்க வேண்டாம், எது அவமானம் என்றும் பார்க்க வேண்டாம், ஆயிரத்துக்கு எது அதிகம் தின்கிறதோ அதுதான் முதலில் என்று முடிவானது.

முடிவு சுலபம். அதை ஏற்றுக்கொள்வது அப்படி இல்லை. மனைவியின் நகை வரிசையில் கடைசிக்குப் போனது. அவர் சேர்த்த சீட்டு, அவருக்கே தெரியாமல் கணவர் வாங்கிய கடனுக்குப் போக வேண்டியதானது.

``உங்க வட்டிக்கு என் சீட்டான்னு கேட்டேன். அவரு பதிலே பேசலை. மறுநாள் அவர் போனை விக்கிறதுக்கு ஆள் பார்த்துட்டு வந்து நின்னாரு'' என்று சிரிக்கிறார் மனைவி. கார்டில் வாங்கிய 26,000 ரூபாய் போன் அது. செகண்ட் ஹேண்டில் 12,000-க்குப் போனது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், மாமனாரின் பழைய பட்டன் போன்தான் அவர் கையில்.

சீட்டு எடுத்தது நஷ்டமா?

2023 ஆகஸ்ட், பத்தாவது மாத ஏலத்தில் சீட்டை எடுத்தார் மனைவி. கமிஷன் உட்பட 10,500 ரூபாய் தள்ளு. கைக்கு வந்தது 49,500. சேமித்த பணத்தில் பத்தாயிரத்தை விட்டுக்கொடுப்பதா என்று யாருக்கும் தோன்றும். அவருடைய அம்மாவே திட்டியிருக்கிறார்.

ஆனால், கடைசி மாதம் வரை காத்திருந்தால் இன்னும் பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் கைக்கடனுக்கு 3,000 வீதம் 30,000 ரூபாய் வட்டி போயிருக்கும். 30,000 போவதைத் தடுக்க 10,500-ஐ விட்டார்கள். கைக்கடன் மட்டும் இல்லாவிட்டால் அந்தச் சீட்டை அப்போது எடுத்திருக்கவே கூடாது என்பதும் உண்மை.

சீட்டை எடுத்தவர் மீதித் தவணைகளை ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு நிறுவனம் ஜாமீன் கேட்கும். சம்பள ஸ்லிப்போடு போய் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மனைவியின் தாய்மாமா. இன்னொருவர் கணவர். ``ஒளிச்சு வெச்ச சீட்டுக்கு அவரே ஜாமீன்!''

49,500-ம் போன் விற்ற 12,000-ம் சேர்ந்து கைக்கடன் அசல் தயார். அதைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் ஒரு சிக்கல். கடன் வாங்கும்போது புரோநோட்டில் கையெழுத்தும், தொகை எழுதாத இரண்டு செக்கும் கொடுத்திருந்தார் கணவர். பணத்தை எண்ணி வாங்கியவர், புரோநோட்டையும் ஒரு செக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, ``இன்னொன்னு எங்கேயோ மாட்டிக்கிச்சு தம்பி, தேடித் தர்றேன்'' என்றிருக்கிறார்.

அந்த இடத்தில் கிளம்பி வந்திருந்தால் பிரச்னைதான். தொகை எழுதாத செக் ஒன்று வெளியே கிடந்தால், பிறகு யாரும் அதில் ஒரு தொகையை எழுதி வங்கியில் போடலாம். பணமில்லாமல் திரும்பினால் செக் மோசடி வழக்கு வரை போகும். கூடப் போன தாய்மாமா விடவில்லை. ``பரவாயில்லைங்க, கிடைக்கலைன்னு எழுதிக் கொடுத்துடுங்க'' என்று, செக் நம்பரைக் குறிப்பிட்டு, 60,000 ரூபாய் முழுவதும் வந்துவிட்டது, பாக்கி ஏதும் இல்லை என்று தேதியோடு எழுதி வாங்கினார். அன்றே வங்கிக்குப் போய் அந்த செக்குக்கு `ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தார்கள். எழுதி வாங்கிய தாள் இன்றும் பீரோவில் இருக்கிறது. செக் இன்றுவரை திரும்பி வரவில்லை!

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லிருந்தே சட்டம் இருக்கிறது, மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கலாம். இவர்கள் அந்த வழிக்குப் போகவில்லை. கடன் கொடுத்தவர் அதே ஏரியாக்காரர், மிரட்டவும் இல்லை என்கிறார் கணவர்.

கார்டை வெட்டிய கதை

அடுத்தது கார்டு. வங்கியின் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, பாக்கி முழுவதையும் தவணையாக மாற்றக் கேட்டார்கள். 18% வட்டியில் 18 மாதம் கிடைத்தது. மாதம் 5,360 ரூபாய், அதோடு வட்டிப் பகுதிக்கு மட்டும் ஜி.எஸ்.டி. முன்பு முதல் மாதம் 3,469 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போன இடத்தில், இப்போது 1,487 ரூபாய். கிட்டத்தட்ட 2,000 ரூபாய் மிச்சம், ஒரு போன் காலில்! தவறாமல் கட்டுபவர்களுக்குத்தான் இந்த வசதியை வங்கிகள் எளிதாகத் தருகின்றன. எனவே, தவணை தவறுவதற்கு முன்பே கேட்பது நல்லது.

ஆனால், இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தவணையாக மாற்றினாலும் கார்டு உயிரோடுதான் இருக்கும். தவணை கட்டக் கட்ட லிமிட் மறுபடி திறக்கும். அதைத் தேய்த்தால் பழைய தவணையும் புதிய பாக்கியும் சேர்ந்துவிடும். அதனால் வங்கி ஆப்பில் போய் ஆன்லைன், கடை, ஏ.டி.எம் என மூன்று வகைப் பரிவர்த்தனையையும் நிறுத்தினார்கள். கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டியவர் கணவர். ``அவரே வெட்டட்டும்னு கத்தரியை அவர் கையில குடுத்துட்டேன்'' என்கிறார் மனைவி.

செப்டம்பரிலிருந்து இரண்டு சம்பளமும் ஒரே கணக்குக்கு வந்தன. 38,000 ரூபாய். வீட்டுச் செலவு 22,500-லிருந்து 20,500 ஆனது. பெரிய குறைப்பு ஒன்றுதான். கணவர் பைக்கை நிறுத்திவிட்டு கம்பெனி வேனில் போக ஆரம்பித்தார், 1,300 ரூபாய் குறைந்தது. மளிகையிலும் ரீசார்ஜிலும் 700 ரூபாய். குழந்தையின் பாலிலும் மாமியாரின் மாத்திரையிலும் கை வைக்கவில்லை.

பர்சனல் லோன், சீட்டு, கார்டுத் தவணை, நகைக்கடன் வட்டி 1,050, வீட்டுச் செலவு எல்லாம் போக மாதம் சுமார் 800 ரூபாய் மிஞ்சியது. அந்த 800 ரூபாய்தான் அவர்களுக்குக் கிடைத்த மூச்சு.

மாதம் 7-ம் தேதி சம்பளம் வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. புதிதாக யார் எந்தக் கடன் வாங்கினாலும், அது 500 ரூபாயாக இருந்தாலும், அன்று இரவே நோட்டில் ஏற வேண்டும்.

போனஸ் பணத்தைக் கடனுக்குக் கட்டவில்லை

2023 தீபாவளிக்குக் கணவருக்கு 18,000 ரூபாய் போனஸ். 8,000 ரூபாயில் தீபாவளியை முடித்துவிட்டு, மீதி 10,000-ஐக் கடனில் கட்டாமல் தனியாக வங்கியில் போட்டார்கள். வட்டிக் கணக்குப்படி பார்த்தால் இது தப்பு. ஆனால், கையில் ஒரு ரூபாய்கூட இல்லாத வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி அதே ஐந்து வட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும்.

வந்தது. 2024 ஜனவரியில் மகளுக்கு டெங்கு. மூன்று நாள் தனியார் மருத்துவமனை, பில் 16,500. தனியாக வைத்திருந்த 10,000-ம் மாதாமாதம் மிஞ்சியதும் சேர்ந்து 13,000 இருந்தது. 3,500 ரூபாய் குறைந்தது. மனைவி தன் அண்ணனிடம் வாங்கினார். அன்று இரவே அது ஐந்தாவது வரியாக நோட்டில் ஏறியது. ஜூனுக்குள் அடைத்தார்கள்.

அந்த பில்லைப் பார்த்துவிட்டுத்தான், மனைவியின் சம்பள ஸ்லிப்பில் மாதம் 105 ரூபாய் இ.எஸ்.ஐ-க்குப் பிடிக்கப்படுவதைக் கவனித்தார்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பிடிக்கப்படும் இந்தப் பணத்தில் குழந்தைக்கும் சிகிச்சை உண்டு. இத்தனை வருடம் பணம் மட்டும் போயிருக்கிறது, குழந்தையின் பெயரைச் சேர்க்கவே இல்லை. அடுத்த வாரமே சேர்த்தார்கள். சிறு காய்ச்சல், மருந்துச் செலவெல்லாம் இப்போது அங்கேதான்.

பிப்ரவரியில் அண்ணன் கல்யாணம். கவரிங் ஆரம் போட்டுக்கொண்டு போனார் மனைவி. ``யாரும் கேட்கலை. ஒரு அத்தை மட்டும் தொட்டுப் பார்த்தாங்க'' என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

வரிசையை மீறிய ஒரே இடம்

2024 ஜூனில் சீட்டு முடிந்தது. மாதம் 3,800 ரூபாய் கையில் மிஞ்ச ஆரம்பித்தது. முதல் நான்கு மாதம் காலியாகிப்போன ஆபத்துப் பணத்தை 15,000-க்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு போட்ட வரிசைப்படி பார்த்தால் கார்டுத் தவணையில்தான் கட்ட வேண்டும். ஆனால், அதில் கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டிக் கட்ட வழியில்லை. கட்டினால் பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும், அதற்கும் தனிக் கட்டணம். கணக்குப் போட்டால் மிச்சமாவது சில நூறு ரூபாய்தான்.

``அப்ப வளையலை மீட்போம்னு நான்தான் சொன்னேன். அந்தக் கல்யாணத்துல இவ நின்ன மாதிரி இன்னொரு தடவை நிக்கக் கூடாதுன்னு இருந்துச்சு'' என்கிறார் கணவர்.

வருடத்துக்கு ஒரு முறை நகைக்கடனைப் புதுப்பிக்கப் போகும்போது ஒரு சோதனை வரும். நகையை அடகு வைத்த 2023-ல் சவரன் 44,000 ரூபாயை ஒட்டி இருந்தது. விலை ஏற ஏற, அதே நகைக்கு வங்கி கூடுதலாகக் கடன் தரும். ``இன்னும் எடுத்துக்கலாமே மேடம்'' என்று கவுன்ட்டரிலேயே சொல்வார்கள். விலை ஏறியதால் நாம் பணக்காரராகிவிட்டது போல ஒரு நினைப்பு வரும். ஆனால், எடுத்தால் நகையை மீட்கக் கட்ட வேண்டிய தொகைதான் கூடும். இரண்டு வருடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வட்டியை மட்டும் நேர் செய்து புதுப்பித்தார்கள்.

2025 மார்ச்சில் கார்டுத் தவணை முடிந்தது. உடனே கார்டை ரத்து செய்ய எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். பாக்கி இல்லாத கார்டை, கேட்ட ஏழு வேலை நாள்களுக்குள் வங்கி ரத்து செய்ய வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அடுத்த மாதம் பர்சனல் லோனும் முடிந்தது. இரண்டுக்கும் `பாக்கி இல்லை' சான்றிதழ் வாங்கி, அந்தப் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இரண்டு தவணையும் நின்றதும் மாதம் 16,000 ரூபாய்க்கு மேல் கையில் நின்றது. ஜூனில் வளையல் வீட்டுக்கு வந்தது. அக்டோபருக்குள் ஆரமும் வந்துவிடும் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 27. இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50% வரி விதித்தது நடைமுறைக்கு வந்த நாள். கணவரின் கம்பெனிக்கு வரும் ஆர்டரில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போவது. செப்டம்பரிலிருந்து வேலை நாள்கள் குறைந்தன, சம்பளத்தில் 7,000 ரூபாய் போனது.

``2022-லயும் இதேதான் நடந்துச்சு. அப்ப நான் யாருகிட்டயும் சொல்லாம வட்டிக்கு வாங்கினேன். இந்தத் தடவை அன்னிக்கு சாயங்காலமே வந்து சொல்லிட்டேன்'' என்கிறார் கணவர். அன்று இரவு நோட்டில் அக்டோபர் என்பதை அடித்துவிட்டு டிசம்பர் என்று எழுதியிருக்கிறார் மனைவி. மாதம் 16,000 கட்டியது 9,000 ஆனது. அந்த வருட தீபாவளி போனஸும் 10,000-தான். ஆபத்துப் பணத்தைத் தொடவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் ஆரத்தை மீட்டார்கள். இன்று அதே ஐந்து சவரனைக் கடையில் வாங்கப் போனால், அடகு வைத்தபோது இருந்த விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

கணவரின் சம்பளம் இன்னும் பழையபடி வரவில்லை. மிஞ்சும் 9,000 ரூபாயில் 5,000-ஐ ஆர்.டி-யில் போட ஆரம்பித்திருக்கிறார்கள். மகளுக்கு மூன்று வயதில் வைக்க வேண்டிய காதுகுத்தை ஐந்தாவது வயதில், வருகிற வைகாசிக்கு வைத்திருக்கிறார்கள். அதற்காக மறுபடியும் ஒரு சின்னச் சீட்டு. இந்த முறை பாஸ்புக் ஃபிரிட்ஜ் மேலேயே கிடக்கிறது.

``மாமாகிட்ட மட்டும் ஒரு பத்திரிகை முன்னாடியே கொண்டுபோய்க் குடுக்கணுங்க'' என்கிறார் கணவர். ``அந்தச் செக்கு கிடைச்சுதான்னு இன்னமும் கேட்டுட்டேதான் இருக்காரு!''